மார்ச் சம்பளத்தில் 52,182 ரூபாய் எங்கே போனது?

பிப்ரவரி மாதச் சம்பளச் சீட்டில் டிடிஎஸ் என்ற இடத்துக்கு நேராக 2,678 ரூபாய் என்று இருந்தது. மார்ச் மாதச் சீட்டில் அதே இடத்தில் 52,182 ரூபாய். சம்பளம் கூடவில்லை, போனஸ் வரவில்லை, பதவி உயர்வும் இல்லை. வழக்கமாக 72,522 ரூபாய் வந்துகொண்டிருந்த வங்கிக் கணக்கில் அந்த மாதம் விழுந்தது வெறும் 23,018 ரூபாய்.

மார்ச் மாதச் சம்பளம் போடப்பட்டதும் அலுவலகங்களின் சம்பளப் பிரிவுக்கு இப்படிப்பட்ட புகார்கள் குவியும். அவற்றில் ஒன்றையும், அதற்குச் சம்பளப் பிரிவு அலுவலர் எழுதும் பதிலையும் இங்கே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் இந்த ஊழியரும் பதில் எழுதும் அலுவலரும் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவர்கள். சட்டமும் விகிதங்களும் 2024-25 நிதியாண்டுக்கு உரிய உண்மையான விவரங்கள்.

ஊழியர் எழுதியது இவ்வளவுதான்: “மேடம், போன மாதம் வரை 2,678 ரூபாய் பிடித்தீர்கள். இந்த மாதம் 52,182 பிடித்திருக்கிறது. சிஸ்டத்தில் ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பார்த்து, அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.”

பதிலின் முதல் பத்தி நேராக விஷயத்துக்கு வந்தது: “வணக்கம் சார். உங்கள் கணக்கை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். தப்பு இல்லை. இந்த 52,182 ரூபாயில் மார்ச் மாதத்துக்கான வரி 2,678 மட்டும்தான். மீதி 49,504 ரூபாய், ஏப்ரலில் இருந்து நாங்கள் பிடிக்காமல் விட்ட வரி. அதில் 34,944 வீட்டு வாடகைக் கணக்கில் வந்தது, 14,560 பிபிஎஃப் கணக்கில் வந்தது. இரண்டும் எப்படி வந்தன என்று கீழே எழுதியிருக்கிறேன்.”

மாத வரி என்பது ஒரு மதிப்பீடு

சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியை அந்தந்த மாதத்துச் சம்பளத்துக்கான வரி என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வருமான வரிக்கு மாதக் கணக்கே கிடையாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஓர் ஆண்டின் வருமானத்துக்குத்தான் வரி. அந்த வரியை ஆண்டு முடிந்தபிறகு மொத்தமாகக் கேட்காமல், சம்பளம் கொடுக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கட்டிவிடும்படி முதலாளிக்குச் சட்டம் சொல்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆவது பிரிவு அது.

அதன்படி சம்பளப் பிரிவு ஏப்ரல் மாதமே ஊழியரின் ஆண்டு வருமானம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். அதற்கு வரி போட்டு, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்க வேண்டும். இடையில் மதிப்பீடு மாறினால் மீதமிருக்கும் மாதங்களில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ள அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு இடம் தருகிறது. மார்ச்சில் வந்த பெரிய பிடித்தம் இந்தச் சரிசெய்தல்தான்.

அப்படியானால் ஏப்ரலில் போட்ட மதிப்பீடு எங்கிருந்து வந்தது? ஊழியர் எழுதிக் கொடுத்த அறிவிப்பிலிருந்து. அலுவலகங்களில் இதை டிக்ளரேஷன் என்பார்கள்.

ஏப்ரலில் சொன்னது

இவருடைய மாதச் சம்பளம் 80,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 40,000, வீட்டு வாடகைப் படி 20,000, இதர படி 20,000. ஆண்டுக்கு 9,60,000 ரூபாய். தொழில் வரி போன்ற சிறிய கழிவுகளைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே விட்டுவிடுகிறோம்.

2024 ஏப்ரலில் இவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தார். மாதம் 18,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகச் சொன்னார். 80சி பிரிவில் முழு வரம்பான 1,50,000 ரூபாயையும் காட்டினார். அதில் 57,600 சம்பளத்திலேயே பிடிக்கப்படும் பிஎஃப், 22,400 எல்ஐசி பிரீமியம், 70,000 பிபிஎஃப் கணக்கில் போடப்போவதாகச் சொன்ன தொகை.

வாடகைப் படிக்கு வரி விலக்கு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க மூன்று தொகைகளை ஒப்பிட வேண்டும். உண்மையில் வாங்கிய படி 2,40,000. சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 2,40,000. கொடுத்த வாடகையான 2,16,000 ரூபாயிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதமான 48,000ஐக் கழித்தால் 1,68,000. மூன்றில் எது குறைவோ அதுதான் விலக்கு. ஆக 1,68,000 ரூபாய்க்கு வரி இல்லை.

இந்த அறிவிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு சம்பளப் பிரிவு போட்ட கணக்கு இது:

- ஆண்டுச் சம்பளம்: 9,60,000
- கழிவுகள்: வாடகை விலக்கு 1,68,000, நிலையான கழிவு 50,000, 80சி 1,50,000
- வரிக்குரிய வருமானம்: 5,92,000
- வரி: இரண்டரை லட்சம் வரை இல்லை, அடுத்த இரண்டரை லட்சத்துக்கு 5 சதவீதம், 12,500, அதற்கு மேலுள்ள 92,000க்கு 20 சதவீதம், 18,400
- 4 சதவீத செஸ் சேர்த்து மொத்தம்: 32,136

இதைப் பன்னிரண்டால் வகுத்தால் 2,678. ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை சீட்டில் வந்த தொகை இதுதான். பதினொரு மாதங்களில் 29,458 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தது.

ஜனவரியில் கேட்ட ஆதாரம்

ஏப்ரலில் வாய்வார்த்தையை நம்பிக் கழிவு கொடுக்கலாம். ஆண்டை முடிக்கும்போது கையில் ஆதாரம் இருக்க வேண்டும். ஊழியர் கோரும் கழிவுகளுக்கு ஆதாரம் வாங்கியே தீர வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 192ஆவது பிரிவில் சேர்த்த கடமை. அதற்கான படிவம் 12பிபி 2016 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜனவரி பிறந்ததும் “ப்ரூஃப் போட்டாச்சா?” என்று சம்பளப் பிரிவு விரட்டத் தொடங்குவது இதற்காகத்தான்.

இந்த ஊழியர் எல்ஐசி ரசீதைக் கொடுத்திருந்தார். பிஎஃப்புக்குத் தனியாக ஆதாரம் தேவையில்லை, அது நிறுவனத்தின் கணக்கிலேயே இருக்கிறது. பிபிஎஃப் பாஸ்புக் நகல் வரவில்லை. வாடகைக்குப் பன்னிரண்டு ரசீதுகளைக் கொடுத்தவர், வீட்டுக்காரரின் பான் எண்ணைத் தரவில்லை.

அலுவலர் எழுதினார்: “உங்கள் ரசீதுகளைப் பார்த்தேன் சார். எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கிறது. ஆனால் வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பெயர், முகவரியோடு பான் எண்ணும் 12பிபி படிவத்தில் இருக்க வேண்டும். உங்களுடையது 2,16,000. பான் இல்லாமல் இதை ஏற்றுக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு பான் கார்டே இல்லையென்றால், அப்படி இல்லை என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். அதுவும் வரவில்லை.”

வீட்டுக்காரர்கள் பான் எண்ணைத் தரத் தயங்குவதற்குக் காரணம் ஊரறிந்ததுதான். நீங்கள் கொடுக்கும் வாடகை அவர்களுடைய வருமானம். உங்கள் படிவத்தில் அவர்களுடைய எண் ஏறிவிட்டால், அந்த வருமானத்தை அவர்கள் கணக்கில் காட்டினார்களா என்று வரித்துறை எளிதாகப் பொருத்திப் பார்த்துவிடும். வாடகைக்கு வீடு பேசும்போதே பான் எண் தருவீர்களா என்று கேட்டுவிடுவது இதனால்தான் நல்லது. மார்ச் மாதத்தில் கேட்டால் பல வீடுகளில் பதிலே வராது.

ஆதாரம் வராத இரண்டையும் நீக்கியபின் கணக்கு மாறிவிட்டது. வாடகை விலக்கு முழுவதும் போய்விட்டது. 80சி 80,000 ரூபாயாகச் சுருங்கியது. வரிக்குரிய வருமானம் 5,92,000 ரூபாயிலிருந்து 8,30,000 ரூபாய்க்கு ஏறியது. அதற்கான வரி, செஸ் உட்பட 81,640 ரூபாய். ஏற்கெனவே பிடித்த 29,458ஐக் கழித்தால் மீதி 52,182.

கூடுதலாகச் சேர்ந்த 2,38,000 ரூபாயும் 20 சதவீத அடுக்கில்தான் விழுகிறது. செஸ்ஸோடு சேர்த்து 20.8 சதவீதம். ஆதாரம் இல்லாத ஒவ்வொரு 1,000 ரூபாய்க்கும் 208 ரூபாய் வரி. வாடகையின் 1,68,000க்கு 34,944, பிபிஎஃப்பின் 70,000க்கு 14,560. அலுவலர் முதல் பத்தியில் சொன்ன இரண்டு தொகைகளும் இப்படி வந்தவைதான்.

ஏன் எல்லாம் மார்ச்சிலேயே?

“கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கலாமே” என்பது அடுத்து வரும் நியாயமான கேள்வி. பிடித்திருக்கலாம்தான். ஆதாரம் கொடுக்க முதலில் வைத்த கெடு ஜனவரி நடுப்பகுதி. அன்றைக்கே கணக்கை மூடியிருந்தால், மீதி வரி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்றாகப் பிரிந்து மாதம் சுமார் 19,179 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். ஊழியர்கள் அவகாசம் கேட்டார்கள், நிறுவனமும் பிப்ரவரி கடைசி வரை நீட்டித்தது. நீட்டித்த நாட்களில் பழைய மதிப்பீடே தொடர்ந்ததால், ஆதாரம் வராதவர்களின் சுமை முழுவதும் கடைசி மாதத்தில் வந்து விழுந்தது.

மார்ச்சைத் தாண்டி ஏப்ரலுக்குத் தள்ளிவிட முடியாது. ஏப்ரல் சம்பளம் அடுத்த நிதியாண்டின் கணக்கு. பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காமல் விட்டால், அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. பிடித்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்துக்கு 1 சதவீதம் வட்டியும் கட்ட வேண்டும். சம்பளப் பிரிவில் யாரும் அந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரலிலேயே சரியான கணக்கு போட்டிருந்தால் மாதம் சுமார் 6,803 ரூபாய் பிடித்திருப்பார்கள். அதாவது பதினொரு மாதங்களாக இவர் மாதம் 4,125 ரூபாய் அளவுக்குக் கூடுதலாகச் சம்பளம் வாங்கி வந்திருக்கிறார். அது செலவாகிவிட்டது. திருப்பிக் கேட்கும்போது மொத்தமாகக் கேட்பதால் அபராதம் போலத் தெரிகிறது.

“அடுத்த மாதம் திருப்பித் தர முடியாதா?”

இதற்கு அலுவலரின் பதில்: “முடியாது சார். பிடித்த பணம் எங்களிடம் தங்காது. மார்ச் மாத வரியை ஏப்ரல் 30க்குள் அரசுக்குக் கட்டிவிடுவோம். மே 31க்குள் கடைசிக் காலாண்டுக் கணக்கில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே மொத்தம் 81,640 ரூபாய் என்று காட்டுவோம். அந்தப் பணம் இனி உங்கள் பெயரில் வரித்துறையிடம் இருக்கும். ஜூன் 15க்குள் ஃபார்ம் 16 தருவோம். ரிட்டர்ன் போட்டு நீங்கள்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நிறுவனம் ஒரு கழிவை ஏற்கவில்லை என்பதால் அந்த உரிமையே போய்விடுவதில்லை. நிறுவனம் பார்ப்பது தன்னிடம் வந்த காகிதத்தை மட்டும். வரிக்கணக்கின் கடைசி வார்த்தை ஊழியர் தாக்கல் செய்யும் ரிட்டர்னில்தான் இருக்கிறது. இவருக்கு அங்கே மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, வாடகையும் கொடுத்திருக்கிறார், பிபிஎஃப்பிலும் 2025 மார்ச் 31க்குள் பணம் போட்டிருக்கிறார், காகிதம் மட்டும்தான் தாமதம் என்றால் எடுக்க வேண்டியது. பழைய முறையிலேயே ரிட்டர்ன் போட்டு இரண்டையும் கோரலாம். வரி மீண்டும் 32,136 ஆகும். 49,504 ரூபாய் ரீஃபண்ட்.

இரண்டாவது, வாடகை உண்மை, ஆனால் பிபிஎஃப்பில் பணம் போடவில்லை என்றால். அப்போது வாடகை விலக்கை மட்டும் கோரலாம். வரி 46,696. ரீஃபண்ட் 34,944.

மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், நிறுவனத்தில் பழைய முறையைச் சொல்லியிருந்தாலும், ரிட்டர்ன் போடும்போது புதிய முறைக்கு மாறிக்கொள்ளலாம். 2024-25இல் புதிய முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய். அதைக் கழித்தால் இவருடைய வருமானம் 8,85,000. முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை. ஏழு லட்சம் வரை 5 சதவீதம், 20,000. அதற்கு மேலுள்ள 1,85,000க்கு 10 சதவீதம், 18,500. செஸ்ஸோடு 40,040 ரூபாய். ரீஃபண்ட் 41,600. ஒரு ரசீது கூடத் தேவையில்லை.

ஆக, பிபிஎஃப் போடாத நிலையில் வாடகைக்காக வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டுவதை விட, புதிய முறைக்கு மாறுவதில் 6,656 ரூபாய் அதிகம் திரும்புகிறது. பழைய முறை என்பது கழிவுகள் முழுவதும் நிற்கும்போதுதான் லாபம். ஒன்று கழன்றாலும் கணக்கு புரண்டுவிடுகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. பழைய முறையில் கோர வேண்டுமானால் கெடு நாளுக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாமதமாகப் போட்டால் புதிய முறை ஒன்றுதான் கிடைக்கும். வழக்கமான கெடு ஜூலை 31. 2024-25 கணக்குக்கு அது செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நேரத்துக்குள் போட்டு, ரீஃபண்ட் தொகை வரியில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டியும் சேர்ந்து வரும்.

ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட அவசரப்படவும் வேண்டாம். நிறுவனம் கடைசிக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகுதான் மார்ச் மாத வரி உங்கள் 26ஏஎஸ் பட்டியலில் ஏறும். அதில் 81,640 முழுவதும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு போடுவதே சரி.

கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதி, யாரோ ஒருவர் பான் எண்ணைப் போட்டுத் தப்பிக்கலாம் என்ற யோசனையும் சிலர் காதில் ஓதுவார்கள். அது பிடிபட்டால், தவறான தகவல் கொடுத்ததற்காகக் குறையும் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். வாடகை வங்கி வழியாகப் போயிருந்தால் பயமில்லை. ரொக்கமாகக் கொடுத்திருந்தால், வரித்துறை கேட்கும் நாளில் நிரூபிப்பது கடினம்.

உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால்?

சம்பளப் பிரிவும் தவறு செய்யும். அதைக் கண்டுபிடிக்கச் சம்பளச் சீட்டு போதாது. டாக்ஸ் ஷீட் என்று அலுவலகங்களில் சொல்லும் வரிக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். பல நிறுவனங்களில் ஊழியரே சம்பள இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அதில் முதலில் எந்த வரி முறை என்று பாருங்கள். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பு முறை. ஊழியர் ஒன்றும் சொல்லாவிட்டால் அதன்படிதான் பிடிக்க வேண்டும். நீங்கள் பழைய முறையைச் சொல்லியும் தாளில் புதியது என்று இருந்தால் அங்கே பிசகு. அடுத்து, அறிவித்த தொகை, ஏற்ற தொகை என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் மார்ச் மாதத்துக்கான விடை இருக்கிறது. நீங்கள் கொடுத்த ஆதாரம் ஏற்ற பத்தியில் சுழியாக இருந்தால் உடனே கேளுங்கள். மூன்றாவதாக, இதுவரை பிடித்த வரி என்ற தொகை உங்கள் பதினொரு சீட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, பிஎஃப் தொகை 80சியில் தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தவறு இருந்தால் வரி அரசுக்குக் கட்டப்படும் முன்பே சொல்வது நல்லது. கட்டிய பிறகு திருத்துவது எல்லாருக்கும் தலைவலி.

ஆதாரம் எல்லாம் சரியாக இருந்தும்

எல்லாக் காகிதமும் கொடுத்தவர்களுக்கும் சில சமயம் கடைசி மாதம் பிடித்தம் கூடும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

நடு ஆண்டில் வேலை மாறியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பழைய நிறுவனமும் அடிப்படை விலக்கையும் நிலையான கழிவையும் கொடுத்துக் கணக்குப் போட்டிருக்கும். புதிய நிறுவனமும் அதையே மறுபடி கொடுத்திருக்கும். ஒரே ஆளுக்கு ஒரே ஆண்டில் அவை ஒருமுறைதான் உண்டு. பழைய சம்பள விவரத்தை மார்ச்சில் கொடுத்தால் விடுபட்ட வரி முழுவதும் மார்ச்சில் வரும். கொடுக்காமலே விட்டால் ரிட்டர்ன் போடும்போது கையிலிருந்து வட்டியோடு கட்ட நேரிடும். வேலையில் சேர்ந்த வாரமே கொடுத்துவிட்டால் மீதி மாதங்களில் பரவிவிடும்.

இன்னொன்று ஊக்கத்தொகை, நிலுவைச் சம்பளம் போன்றவை. ஏப்ரல் மதிப்பீட்டில் இல்லாத ஒரு லட்சம் மார்ச்சில் வந்தால், அந்த லட்சத்துக்கான வரி முழுவதையும் பிடிக்க மார்ச் ஒரு மாதம்தான் இருக்கிறது. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 20,800 ரூபாய் ஒரே அடியாகப் போகும். இதில் யாரும் ஏமாற்றவில்லை. வந்த பணமும் அதே மாதத்துச் சீட்டில் இருப்பதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

புதிய ஏப்ரலுக்கு என்ன சொல்வது?

அலுவலரின் கடிதம் பழைய கணக்கோடு நிற்கவில்லை. “சார், இந்த வருட டிக்ளரேஷன் லிங்க் அடுத்த வாரம் வரும். போன வருடம் போட்டதையே அப்படியே போட்டுவிடாதீர்கள். 2025-26இல் புதிய முறையில் பன்னிரண்டு லட்சம் வருமானம் வரைக்கும் தள்ளுபடி வந்திருக்கிறது. உங்கள் சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000தான். வரி ஒரு ரூபாய்கூட வராது. பழைய முறையில் இருந்தால் எல்லா ப்ரூஃபும் கொடுத்தாலும் 32,136 கட்ட வேண்டும்.”

2025 பட்ஜெட்டில் வந்த மாற்றம் இது. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவையும் சேர்த்தால் ஆண்டுக்கு 12,75,000 ரூபாய் சம்பளம் வரை புதிய முறையில் வரி இல்லை. இந்த ஊழியரைப் போன்றவர்களுக்கு வாடகை ரசீது, பான் எண், பிபிஎஃப் பாஸ்புக் ஆகிய எதுவும் இனி வரிக்காகத் தேவைப்படாது. வீட்டுக்கடன் வட்டி, அதிக வாடகை, காப்பீட்டு பிரீமியம் என்று பெரிய கழிவுகளோடு, பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்கள்தான் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு மாதாமாதம் பிடிக்கும் முறை மாறவில்லை.

அப்படிப் பழைய முறையில் தொடர்கிறவர்களுக்கு அலுவலர் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஏப்ரலில் அறிவிக்கும் தொகை, ஜனவரியில் காகிதத்தோடு காட்ட முடிந்த தொகையாக இருக்கட்டும். பிபிஎஃப்பில் போட உத்தேசம்தான், உறுதி இல்லை என்றால் அதை ஏப்ரலில் காட்டாமல் விடுங்கள். மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பார்கள். பிறகு போட்டுவிட்டால் ஜனவரியில் ரசீதைக் கொடுங்கள். அப்போது கடைசி மூன்று மாதங்களில் பிடித்தம் குறையும், சம்பளம் கூடி வரும். அதைப் பற்றிச் சம்பளப் பிரிவுக்கு யாரும் புகார் எழுதுவதில்லை.